12 மாதமா, 6 மாதமா, உடனேயா? குழந்தைக்காக முயலும் தம்பதி எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

குழந்தைக்காக முயலும் தம்பதிக்கு இரண்டு விதமான அறிவுரை வந்துகொண்டே இருக்கும். ஒருவர், "இப்பதானே ஆரம்பிச்சிருக்கீங்க, ஒரு வருஷம் போகட்டும்" என்பார். இன்னொருவர், "மூணு மாசமாச்சா? உடனே டாக்டரைப் பாருங்க" என்பார். இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 27 வயதா 38 வயதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்காமலேயே சொல்லிவிடுகிறார்கள்.

மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல் சிறியது. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால், 12 மாதம் முயன்றும் கரு தங்காதபோது பரிசோதனைக்குப் போகலாம். 35 ஆகிவிட்டால் 6 மாதம். 40-ஐத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், முயலத் தொடங்கும்போதே போகலாம். ஏற்கெனவே தெரிந்த பிரச்சினை ஏதாவது இருந்தால், எந்த வயதானாலும் மாதக்கணக்கு பார்க்கத் தேவையில்லை.

இந்த அளவுகோலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏன் 12, ஏன் 6 என்பதுதான் பேச்சில் விடுபட்டுப் போகிறது. காரணம் தெரியாததால் ஒருவர் 4-ஆம் மாதத்திலேயே தன்னிடம் குறை என்று முடிவுகட்டிக்கொள்கிறார். வேறொருவர் 39 வயதில், "ஒரு வருஷம் ஆகணுமாமே" என்று காத்திருக்கிறார். இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரியது.

ஒரு மாதத்துக்கு எவ்வளவு வாய்ப்பு?

பகடையை உருட்டி 6 விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உருட்டலில் விழாவிட்டால் பகடையில் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்தாறு முறை விழாவிட்டாலும் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டோம். கரு தங்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு சுழற்சியில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் 20 முதல் 25 சதவீதம்தான். சுழற்சி என்பது ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரையிலான காலம்.

இவ்வளவு குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் நேரம். சினைப்பை ஒரு சுழற்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு கருமுட்டையைத்தான் வெளிவிடும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் தாக்குப்பிடிக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். ஆக, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் சேர்ந்து 6 நாட்கள்தான் கணக்கில் வரும். மற்ற நாட்களில் சேர்ந்தால் கரு உருவாகாது.

இரண்டாவது காரணம் வெளியே தெரியாதது. முட்டையும் விந்தணுவும் சேர்ந்துவிட்டாலும், உருவான கருக்களில் கணிசமானவை வளராமல் நின்றுவிடுகின்றன. நாள் தள்ளிப்போவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடுவதால், அந்தப் பெண்ணுக்குத் தெரிவதெல்லாம் வழக்கம்போல மாதவிடாய் வந்தது என்பது மட்டும்தான்.

ஆகவே, எல்லாம் சரியாக இருக்கும் தம்பதிக்கும் ஐந்தில் நான்கு மாதம் ஏமாற்றமாகத்தான் முடியும். மூன்று நான்கு மாதம் தங்காமல் போனது மட்டுமே எதற்கும் அடையாளம் ஆகாது.

100 தம்பதிகளை ஒரே நாளில் தொடங்கச் சொன்னால்

சரி, எத்தனை மாதத்துக்குப் பிறகு சந்தேகப்படுவது? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் முடிவு நிஜத்தில் காணப்படுவதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

35 வயதுக்கு உட்பட்ட 100 தம்பதிகள் இன்று முயலத் தொடங்குகிறார்கள். அவர்களில் 65 பேருக்கு மாதம் 30 சதவீத வாய்ப்பு. இவர்களை வேகமானவர்கள் என்போம். 28 பேருக்கு மாதம் 10 சதவீதம்தான். இவர்கள் மெதுவானவர்கள். மீதி 7 பேருக்கு எங்கோ அடைப்பு இருக்கிறது. கருக்குழாய்கள் இரண்டும் மூடியிருக்கலாம், விந்துவில் விந்தணுவே இல்லாமல் இருக்கலாம். சிகிச்சை இல்லாமல் இவர்களுக்கு வாய்ப்பு பூஜ்யம். தொடங்கும் நாளில் யார் எந்தக் கூட்டம் என்று யாருக்கும் தெரியாது. தம்பதிகளுக்கும் தெரியாது.

முதல் 3 மாதத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கரு தங்கிவிடும். 6 மாதம் முடிவில் சுமார் 30 தம்பதிகள் மிஞ்சியிருப்பார்கள். அந்த 30-இல் வேகமானவர்கள் 8, மெதுவானவர்கள் 15, அடைப்புள்ளவர்கள் 7. பன்னிரண்டாம் மாதம் முடிவில் மிஞ்சுவது 16 பேர்: வேகமானவர் 1, மெதுவானவர் 8, அடைப்புள்ளவர்கள் அதே 7.

அந்த 7 என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். அது மாறவே இல்லை. அவர்களைச் சுற்றியிருந்த கூட்டம்தான் கரைந்துவிட்டது. தொடக்கத்தில் 100-இல் 7 பேராக இருந்தவர்கள், 6 மாதத்தில் 30-இல் 7 ஆகிறார்கள், 12 மாதத்தில் 16-இல் 7 ஆகிறார்கள். கிட்டத்தட்டப் பாதி. முதல் நாளே 100 பேருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்திருந்தால், 93 பேருக்கு அடைப்பு எதுவும் இல்லை என்றுதான் வந்திருக்கும். வீண் செலவு, வீண் பயம், சில வேளை தேவையில்லாத சிகிச்சையும்கூட. 12 மாதம் கழித்துச் செய்தால், ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்குச் சொல்வதற்கு ஏதோ ஒன்று கிடைக்கும்.

12 மாதம் என்பது இப்படி ஒரு சல்லடை. மாவு கீழே விழுந்தபிறகு எஞ்சுவதைத்தான் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் 100 பேரின் சராசரி மாத வாய்ப்பு 22 சதவீதம். 6 மாதம் கழித்து எஞ்சியவர்களின் சராசரி 13. 12 மாதம் கழித்து 7. இதைப் பார்த்து, "முயல முயல வாய்ப்பு குறைகிறது" என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். யாருடைய உடலும் மாறவில்லை. சீக்கிரம் தங்கக்கூடியவர்கள் கூட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள், அதனால் சராசரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

12 மாதம் தாண்டிய மெதுவானவர்கள் 8 பேரை மறக்க வேண்டாம். அவர்களுக்கு மாதம் 10 சதவீதம் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு வருடம் விட்டால், கணக்குப்படி அவர்களில் 6 பேருக்குத் தானாகவே தங்கிவிடும். நிஜத்திலும், முதல் வருடத்தில் 80 சதவீதத்துக்கு மேலானவர்களுக்குத் தங்குகிறது, தங்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வருடத்தில் சிகிச்சை இல்லாமலேயே தங்குகிறது. அதனால்தான் பரிசோதனையில் எதுவும் தெரியாத இளம் தம்பதியிடம், "இன்னும் கொஞ்ச நாள் முயன்று பாருங்கள்" என்று டாக்டர் சொல்வதுண்டு. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

35 வந்ததும் ஏன் 6 மாதம்?

மேலே பார்த்த கணக்கின்படி, 6 மாதத்தில் சல்லடை இன்னும் நன்றாகச் சலித்திருக்காது. போதாததற்கு, 30-களின் பிற்பகுதியில் மாத வாய்ப்பும் குறைவு. அப்படியென்றால் வயதானவர்களைத்தானே இன்னும் நீண்ட நாள் காத்திருக்கச் சொல்ல வேண்டும்? கணக்கு மட்டும் தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார். நியாயமான கேள்வி.

பதில் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. பகல் 11 மணிக்குப் பேருந்து கால் மணி நேரம் தாமதமானால் நாம் பேசாமல் நின்றுகொண்டிருப்போம். பின்னாலேயே இன்னும் பத்துப் பேருந்து வரும். இரவு 10 மணிக்கு என்றால் ஐந்து நிமிடம் தாமதமானாலே பக்கத்தில் இருப்பவரை விசாரிப்போம். பேருந்து நின்றுபோனது உறுதியாகிவிட்டதா என்றால், இல்லை. சும்மா நின்றதால் நேரம் போய்விட்டால் அப்புறம் ஈடுசெய்வது கடினம், அதனால்தான். 35-க்குப் பிறகு வைத்திருக்கும் 6 மாத எல்லையும் இதே மாதிரி. கோளாறு உறுதி என்று அது சொல்லவில்லை. காத்திருப்பதற்கான விலை கூடிவிட்டது என்று சொல்கிறது.

அந்த விலை என்ன என்று பார்க்க, முட்டையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணின் எல்லா முட்டைகளும் அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும். பருவமடையும்போது 3 அல்லது 4 லட்சமாகக் குறையும். 37, 38 வயதில் ஏறத்தாழ 25,000. ஒரு பெண்ணின் வாழ்நாளில் வெளிவருவதோ நானூறு, ஐந்நூறு முட்டைகள்தான். மற்றவை தாமாகவே கரைந்துபோகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியம் தரம். தரம் என்று இங்கே சொல்வது குரோமோசோம் கணக்கை. குரோமோசோம் என்பது மரபுத் தகவல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் நூல்கண்டு. முட்டை முதிரும்போது தன்னிடமுள்ள குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை பெண் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, பாதியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். 25 வயதில் வெளிவரும் முட்டை அந்த நிலையில் 25 வருடம் காத்திருந்தது. 40 வயதில் வெளிவருவது 40 வருடம் காத்திருந்தது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் இத்தனை வருடத்தில் தளர்ந்துவிடுகின்றன. பிரியும் நேரத்தில் ஒன்று கூடவோ குறையவோ போய்விடுகிறது. அப்படிப்பட்ட முட்டையிலிருந்து உருவாகும் கரு பெரும்பாலும் வளராது.

இதனால் இரண்டு விளைவுகள் சேர்ந்தே வருகின்றன. கரு தங்குவது குறைகிறது: 40 வயதில் மாத வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். தங்கியது கலைவதும் கூடுகிறது: 20-களின் பிற்பகுதியில் கர்ப்பங்களில் ஏறத்தாழ 10 சதவீதம் கலைகிறது என்றால், 40-ஐத் தாண்டியபின் மூன்றில் ஒன்றோ அதற்கு மேலோ கலைகிறது.

இளம் பெண்ணின் தானமுட்டையைப் பெற்று 40-களில் இருக்கும் பெண் கருத்தரிக்கும்போது, வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் முட்டை கொடுத்தவரின் வயதைப் பொறுத்தே அமைகிறது. வயதாவது முக்கியமாக முட்டைக்கு, கர்ப்பப்பைக்கு அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் முறை, முட்டையின் வயதைக் குறைக்காது. "எப்படியும் ஐவிஎஃப் இருக்கிறதே, மெதுவாகப் பார்க்கலாம்" என்ற நினைப்பு உடைவது இந்த இடத்தில்தான்.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 35-ஆவது பிறந்தநாளில் எதுவும் திடீரென்று சரிந்துவிடுவதில்லை. 34-க்கும் 36-க்கும் நடுவே இருப்பது மெல்லிய சரிவு. வாரம் இரண்டு முறையாவது சேரும் தம்பதிகளில், 35 முதல் 39 வயதுப் பெண்களிலும் ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் தங்கிவிடுகிறது. 38-க்குப் பிறகுதான் சரிவு செங்குத்தாகிறது. 35 என்பது மருத்துவர்கள் வசதிக்காக நட்டுவைத்த மைல்கல்.

சுருக்கமாக: 35-க்குள் 12 மாதக் காத்திருப்பு பெரிதாக எதையும் பறிப்பதில்லை. 38 வயதில் அதே 12 மாதம் காத்திருந்து, பரிசோதனைக்கு 3 மாதம், சிகிச்சைக்கு 6 மாதம் என்று சேர்த்தால் 40 நெருங்கிவிடும். 40-இல் காத்திருப்பே வேண்டாம் என்பதும் இதனால்தான்.

"ஆறு மாதம் முயன்றோம்" என்றால் எந்த ஆறு மாதம்?

என் பார்வையில், வயதைவிட அதிகமாகப் பிசகுவது இந்த எண்ணிக்கைதான். கல்யாணத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். முயற்சி என்பது கருத்தடை எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்த சுழற்சிகள் மட்டும்தான். கணவரோ மனைவியோ வேலைக்காக வேறு ஊரில் இருந்து மாதம் ஒருமுறை வந்துபோனால், அந்த 6 நாள் ஜன்னல் பல மாதம் பூட்டியே இருந்திருக்கும். அந்த மாதங்கள் பகடையை உருட்டாத மாதங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிரிந்து வாழ்வது தொடரும் என்றால், வயது 37 என்றால், "இன்னும் சரியாக முயலவில்லையே" என்று தள்ளிப்போடுவதிலும் பொருளில்லை. சேர முடியாததே ஒரு பிரச்சினைதான், அதை வைத்துக்கொண்டே டாக்டரிடம் போகலாம். உடலுறவில் வலியோ விறைப்புக் குறையோ இருந்து சேர்வதே கடினமாக இருந்தாலும் அப்படித்தான். வெட்கத்தில் இதைச் சொல்லாமல் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கருத்தடை மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறுத்தியதிலிருந்தே எண்ணலாம். சிலருக்குச் சுழற்சி பழையபடி வர ஓரிரு மாதம் ஆகும், அவ்வளவுதான். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி மட்டும் விதிவிலக்கு. கடைசி ஊசிக்குப் பிறகு முட்டை வெளிவரத் தொடங்குவதற்கே பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் முயற்சி தொடங்கிய தேதியோடு கடைசி ஊசியின் தேதியையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முதல் குழந்தை சுலபமாகப் பிறந்தவர்களுக்கும் இதே கணக்குதான். 29-இல் இரண்டே மாதத்தில் தங்கியது என்பது 37-இல் உத்தரவாதம் ஆகாது. இப்போதைய வயதை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

கடிகாரத்தைக் கழற்றிவைக்க வேண்டிய நேரங்கள்

12-ம் 6-ம், முன்கூட்டி எந்தச் சந்தேகமும் இல்லாதவர்களுக்கு. நம் 100 தம்பதிகள் கணக்கில், அடைப்புள்ள 7 பேர் யார் என்று முதல் நாளே ஓரளவு தெரிந்தால், சல்லடையே தேவையில்லை அல்லவா?

மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருவது, 21 நாளுக்குள் வந்துவிடுவது, மாதக்கணக்கில் வராமலேயே இருப்பது ஆகிய மூன்றும் முட்டை ஒழுங்காக வெளிவரவில்லை என்பதற்கான அறிகுறிகள். வெறும் கணக்காகப் பார்த்தாலும், 40 நாள் சுழற்சி உள்ளவருக்கு வருடத்தில் 9 முறைதான் வாய்ப்பு.

மாதவிடாயின்போது வேலை செய்ய முடியாத அளவுக்கு வலி வந்து, அது வருடாவருடம் கூடிக்கொண்டே போனால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வதற்குத்தான் அந்தப் பெயர். முன்பு அடிவயிற்றில் தொற்று வந்தவர்கள், கருக்குழாயில் கர்ப்பம் தங்கியவர்கள், குடல்வால் வெடித்து அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குக் கருக்குழாய் ஒட்டிப்போயிருக்கும் சாத்தியம் கூடுதல். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தவர்கள், தாய்க்கோ அக்காவுக்கோ 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்கள், இரண்டு முறை கரு கலைந்தவர்கள் ஆகியோரும் காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் ஆண் வழக்கமாகக் காணாமல் போய்விடுவார். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்து அறுவை செய்துகொண்டவர், பெரியவனான பிறகு புட்டாளம்மை வந்து விரை வீங்கியவர், கீமோதெரபி எடுத்தவர், உடற்கட்டுக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர் ஆகியோரும் முதலிலேயே ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கடைசியாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண்மை ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், விரையில் விந்தணு உற்பத்தி குறைந்துபோகும், நின்றும்கூடப் போகலாம்.

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆண் பக்கக் காரணமும் கலந்திருக்கிறது. அதனால் 12-ஆம் மாதமோ 6-ஆம் மாதமோ, போகும்போது இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மனைவிக்குக் குழாய்ப் பரிசோதனை வரை எல்லாம் முடிந்தபிறகு கணவருக்கு விந்துப் பரிசோதனை என்ற வரிசை தலைகீழானது. எளிதானது, வலியில்லாதது எதுவோ அதைத்தானே முதலில் செய்ய வேண்டும்?

ஏஎம்எச் பார்த்து முடிவுசெய்யலாமா?

காத்திருக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள, தாங்களாகவே ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. சினைப்பையில் வளர்நிலையில் இருக்கும் சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன் இது. முட்டை இருப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயமான மதிப்பைத் தரும். ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். ஆனால் இயற்கையாக முயலும் பெண்ணுக்கு இந்த மாதம் தங்குமா என்று சொல்ல இதனால் முடியாது. மாதத்துக்கு ஒரு முட்டைதானே வேண்டும். கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது இன்றைய சமையலை மாற்றாது. 29 வயதில் குறைவான ஏஎம்எச் வந்தால் கலங்கத் தேவையில்லை. 39 வயதில் நல்ல ஏஎம்எச் வந்தால், அதை வைத்து இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடவும் கூடாது. முட்டையின் தரத்தை அது சொல்லாது.

ஒரு தம்பதியின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 36, கணவருக்கு 38. காலண்டர்படி 8 மாதமாக முயல்கிறார்கள். 35-ஐத் தாண்டியவர்களுக்கு 6 மாதம் என்பதால் போக வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று மனைவி சொல்கிறார். இடையில் தான் வேலை நிமித்தம் சுமார் 3 மாதம் வெளியூரில் இருந்ததால் 5 மாதம்தான் ஆகிறது என்று கணவர் சொல்கிறார்.

இருவரும் மாதத்தை எண்ணுகிறார்கள். மனைவியின் செல்போனில் குறித்துவைத்த தேதிகளைப் பார்த்தால், மாதவிடாய் 38 முதல் 42 நாளுக்கு ஒருமுறை வருகிறது. 8 மாதத்தில் 6 சுழற்சிகள்தான் நடந்திருக்கின்றன. கணவர் வெளியூரில் இருந்தபோது 2 போய்விட்டது. உண்மையில் முயன்றது 4 சுழற்சி. கணவர் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும்போல இருக்கிறது. ஆனால் சுழற்சி 35 நாளைத் தாண்டுகிறது என்ற ஒன்றே போதும், எண்ணிக்கையை ஓரம்கட்டிவிட்டு இப்போதே போகலாம். 30 வயதாக இருந்தாலும் இதே பதில்தான்.

முதல் நாள் டாக்டர் அதிக நேரம் செலவிடுவது கேள்விகளில்தான். தேதிகள், பழைய அறுவைகள், மருந்துகள், எத்தனை நாளுக்கு ஒருமுறை சேர்கிறீர்கள் என்பதுவரை கேட்பார். பிறகு தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கணவருக்கு விந்துப் பரிசோதனை. விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஒரே நாள் இடைவெளியில் கொடுத்தால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

கணவரின் அறிக்கையில் ஒரு மில்லிலிட்டருக்கு 70 லட்சம் விந்தணு என்று வருகிறது. ஒப்பிடும் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம். வீட்டில் அதிர்ச்சி. ஆனால் பரிசோதனைக்கு 6 வாரம் முன்பு அவருக்கு ஒரு வாரம் கடும் காய்ச்சல் இருந்திருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முடிக்க இரண்டரை மாதம் ஆகும், காய்ச்சல் சூடு அந்த வேலையைக் கெடுக்கும். ஆகவே இந்த அறிக்கை காட்டுவது காய்ச்சல் நேரத்தில் தயாரான சரக்காக இருக்கலாம். 3 மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஒரே அறிக்கையை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது.

மனைவிக்கு முட்டை வெளிவருகிறதா என்று பார்க்க புரோஜெஸ்டிரோன் பரிசோதனை. முட்டை வெளிவந்தபிறகு ஏறும் ஹார்மோன் அது. இதை 21-ஆம் நாளில் எடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு. முட்டை பொதுவாக அடுத்த மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பு வெளிவரும். 40 நாள் சுழற்சியில் அது 26-ஆம் நாள் வாக்கில் நடக்கும். 21-ஆம் நாளில் ரத்தம் எடுத்தால் முட்டையே வெளிவரவில்லை என்று தவறாகக் காட்டும். அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு, இவருக்கு 33-ஆம் நாள் வாக்கில், எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் இவருக்கு அளவு ஏறவில்லை. ஸ்கேனில் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறையத் தெரிகின்றன. தைராய்டு சரியாக இருக்கிறது. பிசிஓஎஸ், அதாவது முட்டைப்பைகள் பல இருந்தும் ஒன்று முதிர்ந்து வெளிவரத் தடுமாறும் நிலை, என்று டாக்டர் முடிவுக்கு வருகிறார்.

இதற்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை. சுழற்சியின் தொடக்கத்தில் 5 நாள் சாப்பிட வேண்டும். 36 வயது என்பதால் கணவரின் இரண்டாவது அறிக்கை வரும்வரை இந்த 3 மாதத்தைச் சும்மா விட டாக்டருக்கு மனமில்லை. அடுத்த மாதவிடாய் முடிந்த சில நாளில் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரேயை வைத்துக்கொள்ளலாம், அதில் தடை இல்லையென்றால் அதற்கடுத்த சுழற்சியில் மாத்திரையைத் தொடங்கலாம் என்று தேதி குறிக்கிறார். கணவரின் இரண்டாவது பரிசோதனைக்கும் அதே சீட்டில் ஒரு தேதி எழுதுகிறார், காய்ச்சல் விட்ட நாளிலிருந்து 4 மாதம் தாண்டியிருக்கும்படி பார்த்து.